‘பாக்கலாம்’ என்ற ஒரு சொல்: உரையாடலைத் திருத்தாமல் வைத்திருப்பது எப்படி?

பகுதிநேர வேலை செய்து சம்பளத்தில் குறை கண்ட மாணவர்கள் சிலருக்கு, புகார் கொடுக்கத் தேவையான தாள்களை ஒழுங்குபடுத்தித் தரும் தொண்டூழியப் பணியில் நான் ஈடுபட்டிருக்கிறேன். எழுத்துபூர்வ ஒப்பந்தம் என்று பெரும்பாலும் எதுவும் இருக்காது. மணிக்கு எவ்வளவு, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் பேசப்பட்டிருக்கும். ஆகவே அந்த உரையாடலே அவர்களுடைய ஒப்பந்தம், வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு எல்லாம்.

அதை அப்படியே கொண்டுவாருங்கள் என்றால், பலர் அதை ‘சுத்தம்’ செய்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்துகிறார்கள், தேவையற்றது என்று தோன்றும் வரிகளை நீக்குகிறார்கள், பேச்சுத்தமிழை நல்ல தமிழில் மாற்றி எழுதுகிறார்கள். பள்ளிக் கட்டுரைக்கு அது நல்ல பழக்கம். சாட்சியத்திற்கு அது எப்படிக் கேடு செய்கிறது என்பதை ஒரு மாணவியின் வழக்கை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

119 வெள்ளிக் கணக்கு

அந்தப் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி, டிசம்பர் விடுமுறையில் ஓர் உணவுக்கடையில் வேலை செய்தார். டிசம்பர் 5 முதல் 21 வரை, மூன்று வாரங்கள், வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் 5 மணி முதல் 10 மணி வரை. மொத்தம் ஒன்பது நாள். வெள்ளிக்கிழமை மணிக்கு 10 வெள்ளி, வார இறுதியில் 11 வெள்ளி என்பது அவருடைய கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். அதைக் கழித்தால் வரவேண்டியது 469 வெள்ளி.

கடைக்காரர் கொடுத்தது 350 வெள்ளி. டிசம்பர் 14, 20 ஆகிய இரண்டு நாளும் அவர் வேலைக்கே வரவில்லை, எல்லா நாளுக்கும் மணிக்கு 10 வெள்ளிதான் என்பது கடைக்காரரின் கணக்கு. வித்தியாசம் 119 வெள்ளி. சிறிய தொகைதான். ஆனால் ஒரு மாணவிக்கு அது பத்து மணி நேரத்திற்கும் மேற்பட்ட உழைப்பு.

அவர் வேர்ட் கோப்பில் இரண்டு பக்கம் அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அதில் முதல் வரி இது: “4 டிசம்பர்: வார நாளில் 10 வெள்ளியும் வார இறுதியில் 11 வெள்ளியும் தருவதாக முதலாளி உறுதியளித்தார்.” இதே தாளை என்னிடம் வருவதற்கு முன்பே கடைக்காரருக்கும் அனுப்பியிருந்தார். அவர் தம் கைப்பேசியிலிருந்து ஒரே ஒரு வரியைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த வரியில் இருந்தது ‘பாக்கலாம்’ என்ற ஒரே சொல். கூடவே, “நான் எங்கே உறுதி கொடுத்தேன்? நீயே மாத்தி எழுதியிருக்கே” என்ற பதில்.

அந்த இடத்திலேயே பேச்சு சம்பளத்தை விட்டு விலகி, அந்த மாணவி நேர்மையானவரா என்ற கேள்விக்குப் போய்விட்டது.

மூலத்தில் என்ன இருந்தது?

அவருடைய ஐஃபோனில் அந்த உரையாடலை முழுமையாக ஏற்றுமதி செய்து பார்த்தோம். கடைக்காரர் எண்ணை ‘கடை பாஸ்’ என்று சேமித்து வைத்திருந்தார். தம்முடைய கணக்கின் பெயர் ‘வானவில்’.

```
[4/12/25, 9:12:40 PM] கடை பாஸ்: நாளைலேருந்து வா. 5 டு 10. மணிக்கு 10
[4/12/25, 9:15:02 PM] வானவில்: சரிண்ணே. வீக்கெண்ட்?
[4/12/25, 9:15:31 PM] கடை பாஸ்: பாக்கலாம்
[4/12/25, 9:16:10 PM] கடை பாஸ்: 11 போட்டுக்கலாம்
```

‘பாக்கலாம்’ என்று அவர் எழுதியது உண்மை. ஆனால் 39 விநாடி கழித்து, யாரும் மறுபடி கேட்காமலே, ‘11 போட்டுக்கலாம்’ என்று அவரே எழுதியிருக்கிறார். நான்கு வரியையும் நேரத்தோடு வரிசையாகப் படிப்பவருக்கு விளக்கம் தேவையில்லை. முதலில் தயங்கினார், பிறகு ஒரு தொகையைச் சொன்னார். ‘உறுதியளித்தார்’ என்று மாணவி எழுதியது மூலத்தைவிட வலுவாகத் தோன்றியது. உண்மையில் அது மூலத்தைவிட பலவீனமானது. மூலத்தை யாரும் மறுக்க முடியாது. அவருடைய சொல்லை ஒரே ஒரு படத்தால் மறுக்க முடிந்தது.

இரண்டாவது இடம் இன்னும் முக்கியமானது. தமக்குப் பாதகம் என்று நினைத்து அவர் நீக்கிய வரிகள் இவை:

```
[14/12/25, 4:20:55 PM] வானவில்: அண்ணே இன்னிக்கு லேட்டாகும். 6 மணிக்குத்தான் வருவேன்
[14/12/25, 4:22:18 PM] கடை பாஸ்: சரி
```

தாமதமாக வந்ததை நாமே ஏன் சொல்ல வேண்டும் என்று அவர் எண்ணினார். ஆனால் டிசம்பர் 14ஆம் தேதி அவர் வேலைக்கு வரவிருந்தார், அது கடைக்காரருக்குத் தெரியும் என்பதற்கு முழு உரையாடலிலும் இருந்த ஒரே ஆதாரம் இந்த இரண்டு வரிகள்தான். அன்று இரவு வேறு செய்தி எதுவும் பரிமாறப்படவில்லை. அந்த நாளுக்குரிய 44 வெள்ளியும் அவர் அழித்த வரியில்தான் இருந்தது. எந்த வரி நமக்கு உதவும், எது உதவாது என்பது, எதிர்த்தரப்பு என்ன சொல்லப்போகிறது என்று தெரியும்வரை நமக்குத் தெரியாது. வெட்டக்கூடாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஜனவரி 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி அவர் கோபத்தில் எழுதிய “ஏமாத்துறீங்க. வெக்கமா இல்லையா” என்ற வரியையும் நீக்கியிருந்தார். அதற்குக் கால் மணி நேரம் முன்னதாக, “350 போட்டாச்சு. 2 நாள் நீ வரல” என்று கடைக்காரர் எழுதியிருந்தார். எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் குறைத்தார் என்பதை அவரே ஒப்புக்கொள்ளும் வரி அது. கோபமான பதிலை மட்டும் எடுத்துவிட்டால், அதே வரி கடைக்காரரின் கைப்பேசியில் இருக்கிறது. அவர் அதைக் காட்டும்போது, இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார் என்ற ஐயம்தான் எழும். கோபப்பட்டதால் சம்பள உரிமை போய்விடாது. மறைத்தால் நம்பிக்கை போய்விடும்.

சட்டம் என்ன பார்க்கிறது?

சிங்கப்பூரில் இத்தகைய சம்பளப் புகார் முதலில் சச்சரவு நிர்வாகத்துக்கான முத்தரப்புக் கூட்டணியிடம் சமரசத்திற்குப் போகும். அங்கே முடியாவிட்டால் வேலைவாய்ப்பு உரிமைகோரல் நடுவர் மன்றத்திற்குப் போகும். அங்கு வழக்கறிஞர் வாதாட முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். வேலையை விட்டவர், கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் புகார் கொடுக்க வேண்டும்.

மின்னியல் பதிவு என்பதற்காகவே ஒரு சான்றை ஒதுக்கிவிடும் நிலை இங்கு இல்லை. கணினிப் பதிவுகளுக்கென்று சாட்சியச் சட்டத்தில் முன்பிருந்த தனிக் கட்டுப்பாடுகளை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. எனவே, வாட்ஸ்அப் செய்தியை ஏற்பார்களா என்று கவலைப்பட வேண்டியதில்லை. அதை எந்த அளவுக்கு நம்புவார்கள் என்பதே கேள்வி. நீங்கள் தட்டச்சு செய்த சுருக்கம் உங்கள் கூற்று மட்டுமே. ஏற்றுமதி செய்த கோப்பு, இருதரப்பும் அந்த நேரத்தில் எழுதியதன் பதிவு.

ஏற்றுமதி செய்யும் முறை

ஐஃபோனில் உரையாடலின் மேலே உள்ள பெயரைத் தொட்டு, கீழே சென்றால் `Export Chat` இருக்கும். ஆண்ட்ராய்டில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, `More` என்பதற்குள் `Export chat` இருக்கும். படங்களோடா, படங்கள் இல்லாமலா என்று கேட்கும். படங்களோடு என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஏன் என்பதற்கு டிசம்பர் 20 விடை சொல்லும். படங்கள் இல்லாமல் எடுத்த கோப்பில் அந்த இரவுக்கு எஞ்சியது இவ்வளவுதான்:

```
[20/12/25, 10:08:47 PM] வானவில்: image omitted
```

படங்களோடு எடுத்தபோது, அதே வரியில் ஒரு கோப்பின் பெயர் வந்தது:

```
<attached: 00000042-PHOTO-2025-12-20-22-08-47.jpg>
```

கடை மூடும் நேரத்தில் எஞ்சிய பொருள்களின் கணக்கை எழுதி, அவர் கடைக்காரருக்கு அனுப்பிய படம் அது. கோப்பின் பெயரில் உள்ள தேதியும் நேரமும் வரியில் உள்ள நேரமும் ஒத்துப்போகின்றன. பார்க்க அழகாக இல்லை என்று அந்தப் பெயரை ‘ஸ்டாக் படம்’ என்று மாற்றியிருந்தால், படத்தையும் வரியையும் இணைக்கும் கயிறு அறுந்திருக்கும்.

வெளிவரும் ஸிப் கோப்பைத் திறக்காமல் அப்படியே ஓரிடத்தில் வையுங்கள். அன்றே உங்களுக்கு நீங்களே மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். எந்த நாளில் எடுத்தது என்பதற்கு அது அடையாளம். படிக்கவும் அச்சிடவும் ஒரு நகலைப் பயன்படுத்துங்கள். மூலத்தை எக்செல்லில் திறந்து சேமித்தால் தேதிகளின் வடிவம் மாறக்கூடும். வேர்டில் திறந்தால் தானியங்கித் திருத்தம் சொற்களை மாற்றக்கூடும்.

கணினியில் அந்த ஸிப் கோப்பிற்கு ஓர் எண்முத்திரையும் எடுத்து வைக்கலாம். விண்டோஸில் கட்டளை இது:

```
certutil -hashfile chat.zip SHA256
```

கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை வேறாக வரும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. முத்திரை எடுத்த பிறகு கோப்பு மாறவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். அதற்கு முன் யாரும் கைவைக்கவில்லை என்று காட்டாது. ஏற்றுமதிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திருத்தலாம். ஆகவே கடைசி ஆதாரம் உங்கள் கைப்பேசியில் இருக்கும் உரையாடல்தான். ஏற்றுமதி செய்தாகிவிட்டது என்று அதை அழித்துவிடாதீர்கள். “காட்டுங்கள்” என்று கேட்டால் திறந்துகாட்ட அது இருக்க வேண்டும்.

கோப்பில் வராதவை

ஏற்றுமதிக் கோப்பு முழுமையான பிரதி அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் செய்திக்குப் பதிலாக ‘சரி’ என்று எழுதினார் என்ற மேற்கோள் இணைப்பு அதில் வராது. கட்டைவிரல் குறியீடு போன்ற எதிர்வினைகள் வரா. படித்ததைக் காட்டும் நீலக் குறிகளும் வரா. கடைக்காரர் உங்கள் செய்திக்கு வெறும் கட்டைவிரலை மட்டும் காட்டிச் சம்மதித்திருந்தால், அது கோப்பில் தெரியாது. அத்தகைய இடங்களுக்குத் திரைப்படப் பிடிப்பு தேவை. எடுக்கும்போது, முன்னும் பின்னும் இரண்டு மூன்று செய்திகள் தெரியும்படி எடுங்கள்.

பெயரும் அப்படித்தான். கோப்பில் வருவது, உங்கள் தொடர்புப் பட்டியலில் நீங்கள் வைத்த பெயர். ‘கடை பாஸ்’ யார் என்று கோப்பு சொல்லாது. அதற்காகக் கோப்பில் எல்லா இடத்திலும் அவருடைய முழுப்பெயரை மாற்றிப் போடக்கூடாது. அந்தத் தொடர்பின் எண் தெரியும் பக்கத்தைப் படம் பிடித்து இணைத்தால் போதும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. கைப்பேசியின் வட்டார அமைப்பைப் பொறுத்து, டிசம்பர் 5 என்பது 5/12 என்றோ 12/5 என்றோ வரும். மே 12 என்று ஒருவர் படித்துவிட வாய்ப்புண்டு. அதையும் கோப்பில் திருத்த வேண்டாம். 14/12 போன்ற ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, முதலில் வருவது நாள் என்று தனித்தாளில் ஒரு குறிப்பு எழுதுங்கள். பதினான்காவது மாதம் கிடையாது என்பதால் அது தானே தெளிவாகும்.

ஜனவரி 2ஆம் தேதி, கடைக்காரரின் பெயருக்கு எதிரே `This message was deleted` என்ற வரி இருந்தது. முழுச் சம்பளமும் தருவதாக அவர் எழுதிவிட்டு அழித்துவிட்டார் என்று மாணவி சொன்னார். அவர் நினைவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த வரிக்குப் பதிலாக நினைவில் உள்ளதை எழுதினால், ஒரு பதிவின் நடுவே ஒரு கூற்று கலந்துவிடும். அழிக்கப்பட்ட வரி அப்படியே இருக்கட்டும். “இந்த நேரத்தில் இப்படிப் படித்ததாக நினைவு” என்பதைத் தனியாக எழுதினால், இரண்டும் தத்தம் மதிப்போடு நிற்கும்.

சுருக்கம் எங்கே எழுதலாம்?

ஒரு மாதப் பேச்சை யாரும் வரிவரியாகப் படிக்கமாட்டார்கள். ஆகவே சுருக்கம் தேவைதான். ஆனால் அது மூலத்தின் இடத்தைப் பிடிக்கக்கூடாது, மூலத்திற்கு வழிகாட்ட வேண்டும். நாங்கள் ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை செய்தோம். ஒவ்வொரு நாளுக்கும் வேலை நேரம், தொகை, அதற்கு ஆதாரமான வரியின் தேதியும் நேரமும், அச்சுத்தாளின் பக்க எண். டிசம்பர் 14க்கு எதிரே: நான்கு மணி நேரம், 44 வெள்ளி, பார்க்க 4:20 PM, 4:22 PM. அவ்வளவுதான். ‘ஒப்புக்கொண்டார்’, ‘உறுதியளித்தார்’ போன்ற சொற்கள் எங்கும் இல்லை.

மொழிபெயர்ப்பிலும் இதே கவனம் தேவை. நடுவர் மன்றத்திற்குத் தமிழ் வரிகளின் ஆங்கிலப் பெயர்ப்பு வேண்டியிருக்கும். ‘பாக்கலாம்’ என்பதற்குச் ‘சரி’ என்ற பொருளில் பெயர்த்தால் நமக்குச் சாதகம், ‘முடியாது’ என்ற பொருளில் பெயர்த்தால் அவருக்குச் சாதகம். தமிழில் அது இரண்டுக்கும் இடையில் நிற்கும் சொல். ஆங்கிலத்திலும் அது இடையிலேயே நிற்க வேண்டும். தமிழ் வரியை அழிக்காமல், அதன் பக்கத்தில் பெயர்ப்பை வைத்தால், தமிழ் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம்.

அந்த மாணவி, அட்டவணையையும் முழு உரையாடலின் அச்சுப் பிரதியையும் கடைக்காரருக்கு அனுப்பி, ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் முத்தரப்புக் கூட்டணியிடம் போவதாகத் தெரிவித்தார். கடைக்காரர் டிசம்பர் 14க்கான 44 வெள்ளியையும் வார இறுதி வித்தியாசமான 20 வெள்ளியையும் ஏற்றுக்கொண்டார். டிசம்பர் 20 பற்றி மட்டும், “கடை மூடும்போது இருந்தது சரி, ஆனா ரெண்டு மணி நேரம் லேட்டாத்தான் வந்தே” என்றார். இரவு 10:08க்கு எடுத்த படம், மாலை 5 மணிக்கு வந்ததற்குச் சாட்சியாகாது. வேறு வரியும் இல்லை. அந்த நாளுக்கு மூன்று மணி நேரச் சம்பளமாக 33 வெள்ளி என்று முடிவாயிற்று. 119க்குப் பதில் 97 வெள்ளி கைக்கு வந்தது.

இப்போது வேலையில் இருப்பவர்கள் உரையாடலின் அமைப்பை ஒருமுறை பாருங்கள். செய்திகள் தானாக மறையும் வசதி இயக்கப்பட்டிருந்தால் 24 மணி நேரம், 7 நாள் அல்லது 90 நாளில் அவை போய்விடும். `Advanced chat privacy` இயக்கப்பட்டிருந்தால் ஏற்றுமதியே நடக்காது. அப்போது திரையைப் படம் பிடிப்பதுதான் வழி. அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம், இரண்டு நாளுக்குப் பிறகும்கூடச் சிறிது நேரம்வரை அனைவருக்கும் அழிக்கலாம். ஆகவே சம்பளத்தில் தகராறு என்று தெரிந்த அன்றே முதல் ஏற்றுமதியை எடுத்துவிடுங்கள். வேலைக்கு வந்ததும் “வந்துட்டேன்” என்று ஒரு வரி அனுப்பினால், வந்த நேரம் அங்கேயே பதிவாகிவிடும். டிசம்பர் 20ஆம் தேதி இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.